ஸ்டாண்டைத் தரையில் வைத்தால்

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் கல்யாண ஜோடியைப் படம் எடுக்கலாமா? எடுக்கலாம். கேமரா கையில் இருக்கும்வரை வாசலில் தகராறு வராது. அதன் கால்கள் தரையில் ஊன்றினால்தான் வரும்.

கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுச் சீட்டு தலைக்கு 40 ரூபாய். 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். மணமக்கள், அப்பா, அம்மா, போட்டோகிராபர் என ஐந்து பேர் போனால் 200 ரூபாய். கையில் பிடித்து எடுக்கும் போட்டோவுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வீடியோ கேமராவுக்கு 25 ரூபாய்.

ட்ரைபாட், விளக்கு என்று சாமான் இறங்கினால் கதையே வேறு. அதற்கு முன் அனுமதி வேண்டும்; கேட்க வேண்டிய இடம் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள துறை அலுவலகம். டிக்கெட் கவுன்டரில் கெஞ்சிப் பயனில்லை. அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் விளக்கே தேவையில்லை. கோயில் கிழக்குப் பார்த்தது; காலை வெயிலே போதும். கதவு திறக்கும் 6 மணிக்குப் போய் நில்லுங்கள்.