கோணம் கீழே, முக்கோணம் மேலே

பத்தாம் வகுப்பு செய்முறை வடிவியலில் இப்படி ஒரு கணக்கு வரும். அடிப்பக்கம் BC 6 செ.மீ., உச்சிக்கோணம் A 60°, உச்சியிலிருந்து அடிப்பக்கத்துக்குக் குத்துயரம் 4 செ.மீ. இந்த முக்கோணத்தை வரைய வேண்டும்.

வரையும் முறை பலருக்கும் மனப்பாடம். முதலில் BC-ஐ 6 செ.மீ. நீளத்துக்கு வரைகிறோம். பிறகு B-இல் கோணமானியை வைத்து, BC-க்குக் கீழ்ப்புறமாக 60° அளந்து BE என்ற கோட்டை இழுக்கிறோம். BE-க்குச் செங்குத்தாக B-இலிருந்து மேல்நோக்கி BF. அடுத்து BC-இன் மையக்குத்துக்கோடு. அது BF-ஐ வெட்டும் இடம் O. O-வை மையமாகவும் OB-ஐ ஆரமாகவும் கொண்டு வட்டம் போட்டால், ஆரம் ஏறக்குறைய 3.5 செ.மீ. இருக்கும். கடைசியாக BC-க்கு 4 செ.மீ. உயரத்தில் ஓர் இணைகோடு. அது வட்டத்தை வெட்டும் இடத்தில் A-வைக் குறித்து, AB, AC சேர்த்தால் முக்கோணம் தயார்.

இதில் யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நமக்குத் தேவையான 60° மேலே, A-இல் இருக்க வேண்டியது. நாம் அளந்ததோ கீழே, B-இல். அந்தக் கோணம் முக்கோணத்துக்குள்ளேகூட இல்லை. கீழே அளந்த கோணம் மேலே எப்படிப் போய்ச் சேர்ந்தது?

A எங்கே இருக்கிறது என்பது தெரியாததால் அங்கே கோணமானியை வைக்க முடியாது. ஆனால் ஒரு வட்டத்தில் BC என்ற நாணை வரைந்து, அதன் ஒரே பக்கத்து வில்லில் எந்தப் புள்ளியை எடுத்து B-யோடும் C-யோடும் சேர்த்தாலும் கிடைக்கும் கோணம் மாறாது. ஒரே வட்டத்துண்டில் உள்ள கோணங்கள் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இதுதான். ஆகவே 60° தரும் வில்லைக் கண்டுபிடித்துவிட்டால், A அதன்மேல் எங்கோ இருந்தாக வேண்டும். மிச்சம் இருப்பது அந்த வில்லின் மையத்தைப் பிடிப்பது மட்டுமே. அதற்கான வழியைத் தருவது மாற்று வட்டத்துண்டுத் தேற்றம்: ஒரு தொடுகோட்டுக்கும், அது தொடும் புள்ளியிலிருந்து புறப்படும் நாணுக்கும் இடையிலுள்ள கோணம், நாணின் மறுபக்கத்து வட்டத்துண்டில் உள்ள கோணத்துக்குச் சமம்.

நம் படத்தில் OB ஆரம். BE அதற்குச் செங்குத்து. ஆரத்தின் முனையில் அதற்குச் செங்குத்தாகப் போகும் கோடு வட்டத்தைத் தொடுமே தவிர வெட்டாது. ஆகவே BE தொடுகோடு, BC நாண். இரண்டுக்கும் இடையே, BC-க்குக் கீழே, 60°. தேற்றம் சொல்வதன்படி BC-க்கு மேலே உள்ள வில்லில் எங்கே நின்றாலும் 60°.

இதை நிறுவ ஒரே ஒரு கோடு கூடுதலாக வரைந்தால் போதும். B-இலிருந்து O வழியாக விட்டம் BD-ஐ வரையுங்கள். D மேல் வில்லில் விழும். D-யையும் C-யையும் சேர்த்து, BCD என்ற முக்கோணத்தைப் பாருங்கள். ∠CBE-ஐ x என்று வைத்துக்கொள்வோம்.

விட்டம் தொடுகோட்டுக்குச் செங்குத்து; ஆகவே ∠EBD = 90°. அதில் ஒரு பகுதி x. மீதி ∠CBD = 90° − x. இனி C-இல் உள்ள கோணம். BD விட்டம் என்பதால் ∠BCD அரைவட்டத்தில் அமைந்த கோணம், அது 90°. முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180°. எனவே D-இல் இருப்பது 180° − 90° − (90° − x), அதாவது x. மேல் வில்லில் D என்ற ஓர் இடத்தில் கோணம் x என்று ஆகிவிட்டது. அதே வில்லில் உள்ள A-இலும் அதே அளவுதான் இருக்க முடியும். ஆகவே ∠BAC = ∠BDC = x. தேற்றம் நிறுவப்பட்டது.

x செங்கோணமாக இருந்தால் நாணே விட்டமாகிவிடும். மறுபக்கத்தில் இருப்பது அரைவட்டக் கோணம், 90°. x விரிகோணமானால் D கீழ் வில்லுக்குப் போய்விடும். அப்போது தொடுகோட்டின் மறுமுனை நாணோடு உண்டாக்கும் குறுங்கோணம் 180° − x. மேலே செய்த நிறுவலை அதற்குப் பொருத்தினால் கீழ் வில்லில் உள்ள கோணம் 180° − x என்று கிடைக்கும். வட்ட நாற்கரத்தின் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180° என்பதால் மேல் வில்லில் x.

மறுபக்கம் என்பது ஏன் என்று கண்ணால் பார்க்கவும் ஒரு வழி உண்டு. A-வை மேல் வில்லின் வழியே மெல்ல B-ஐ நோக்கி நகர்த்துங்கள். கோணம் 60° ஆகவே இருக்கும். A-இலிருந்து C-க்குப் போகும் கோடு, B-இலிருந்து C-க்குப் போகும் கோடாக மாறிக்கொண்டு வரும். A-இலிருந்து B-க்குப் போகும் கோட்டை B-க்கு அப்பாலும் நீட்டிப் பாருங்கள். அது BC-க்குக் கீழே இறங்குகிறது. A, B-ஐ நெருங்க நெருங்க, அந்தக் கோடு தொடுகோட்டின் திசையில் போய்ப் படிகிறது. வில்லில் இருந்த 60° அப்படியே BE-க்கும் BC-க்கும் இடையே வந்து அமர்கிறது. இது நிறுவல் ஆகாது. ஆனால் மேலே நகரும் கோணம் கீழே ஏன் வந்து சேர்கிறது என்பதை இது காட்டிவிடும்.

தவறும் இந்த இடத்தில்தான் நேர்கிறது. 60°-ஐக் கீழே அளக்காமல் மேலே அளந்துவிட்டால், BE-க்கான செங்குத்து மையக்குத்துக்கோட்டை BC-க்குக் கீழே வெட்டும். மையம் கீழே போய்விடும். வட்டம் என்னவோ சரியாகத்தான் விழும். ஆனால் 60° தரும் வில் கீழே இருக்கும். மேலே எஞ்சும் சிறு வில்லில் கோணம் 120°. அதன் உச்சி BC-இலிருந்து 1.7 செ.மீ. உயரம்தான். 4 செ.மீ. இணைகோடு வட்டத்தை எட்டாது. கேட்ட உச்சிக்கோணம் குறுங்கோணம் என்றால், முக்கோணம் எழும் பக்கத்திலேயே மையமும் இருக்க வேண்டும். விரிகோணம் என்றால் எதிர்ப்பக்கத்தில். வட்டம் போடுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொண்டால் போதும்.

சரியாக வரைந்த படத்தில் O, BC-க்கு மேலே ஏறக்குறைய 1.7 செ.மீ. தொலைவில் இருக்கும். அதோடு ஆரத்தைக் கூட்டினால், மேல் வில்லின் உச்சி ஏறக்குறைய 5.2 செ.மீ. உயரம். நாம் இழுத்த 4 செ.மீ. இணைகோடு அதற்குத் தாழ்வாக இருப்பதால் வட்டத்தை இரண்டு இடங்களில் வெட்டுகிறது. இரண்டு முக்கோணங்களும் சரியான விடைகளே. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். இணைகோடு வில்லின் உச்சியைத் தொட்டு மட்டும் நின்றால் முக்கோணம் ஒன்றுதான். அது 6 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணம். குத்துயரம் 5.5 செ.மீ. என்று வினாவில் கொடுத்திருந்தால் அப்படி ஒரு முக்கோணமே கிடையாது.

சுமார் கி.மு. 300-இல் யூக்ளிட் எழுதிய ‘எலிமென்ட்ஸ்’ நூலின் மூன்றாம் புத்தகத்தில் 32-ஆவது கூற்று இந்தத் தேற்றம். கொடுத்த கோட்டின்மேல் கொடுத்த கோணத்தைத் தாங்கும் வட்டத்துண்டை வரையும் முறை அடுத்த கூற்று, 33. காரணத்தை முதலில் நிறுவிவிட்டு, அதைக்கொண்டு உடனே வரைந்து காட்டுகிறார் யூக்ளிட். செய்முறை வடிவியலில் நாம் வரைவது அந்த 33-ஆவது கூற்றை. 32-ஐயும் சேர்த்துப் படித்த மாணவர், கோணத்தை எந்தப் பக்கம் அளப்பது என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.