வெல்டிங் பொறி மறைந்த பிறகும் பெட்டி ஏன் தீப்பற்றுகிறது?

முகத்துவாரத்துப் பட்டறையொன்றில் இரும்பை ஒட்டும்போது தெறித்து மறையும் பொறி, அப்பால் அடுக்கியுள்ள அட்டைப்பெட்டியில் அக்கினியாய் மூள்வது எப்படி என்று நீங்கள் சிந்தித்ததுண்டா?

அப்பொறி வெறும் ஒளியன்று. சுமார் 1500 பாகை உஷ்ணத்தில் உருகிய இரும்புத் துளி. பறக்கும்போதே பிராணவாயுவுடன் சேர்ந்து எரிவதால் அது விரைவில் குளிராது. தரையில் உருண்டு, சிறு இடுக்கிலும் புகுந்துவிடும்.

பெட்டியின் மடிப்பில் விழுந்த துளி உடனே சுவாலையை எழுப்புவதில்லை. சாம்பல் மூடிய அடுப்பில் இரவெல்லாம் உறங்கிய தணல், விடியலில் ஊதியதும் சுடர்விடுவதுபோல, அட்டை உள்ளுக்குள் கனன்று, போதிய காற்றுக் கிடைத்ததும் கொழுந்துவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ரெஜிபோமோ உருகி எரிந்து, நச்சுக் கரும்புகையைக் கக்குகிறது.

1996 ஏப்ரல் 11 அன்று, ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் விமான நிலையத்தில், மேல்வீதியில் நடந்த வெல்டிங்கின் உருகிய துளிகள் இணைப்பிடைவெளி வழியே இறங்கி, கூரையின் உட்புறத்திலிருந்த ரெஜிபோம் இனத்துக் காப்புப் பலகையைப் பற்றவைக்க, 17 பேர் மாண்டனர். கட்டடத்தின் பெரும்பகுதியில் தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இருக்கவில்லை.

ஆகவே, வேலை தொடங்குமுன் 11 மீற்றர் தூரத்துக்குள் உள்ள பொதிப்பொருட்களை அகற்றுங்கள். அகற்ற இயலாதவற்றைத் தீப்பற்றாத போர்வையால் மூடி, தரையிலும் சுவரிலும் உள்ள துவாரங்களை அடையுங்கள். முகமூடி அணிந்த வெல்டர் பின்புறத்தைக் காணமாட்டார். எனவே தீயணைப்பானுடன் வேறொருவரை நிறுத்தி, வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் அவரைக் காவலிருக்கச் செய்யுங்கள்.