புள்ளி தப்பினால் படமும் தப்பும்

பரீட்சைச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ இணையத்தில் பதிவேற்றச் சொன்னால், படிவம் எப்போதும் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்தே கேட்கும். கோப்பு குறிப்பிட்ட கிலோபைட் அளவைத் தாண்டக்கூடாது, எழுத்துக்கள் தெளிவாகத் தெரியவேண்டும். ஒன்றைச் சரிப்படுத்தப் போனால் மற்றது கெடுவது போலத் தோன்றும். உரும்பிராய்ச் சந்திக்கு அருகே ஒரு தொடர்பாடல் கடையில் நான் நாள்தோறும் செய்வது இந்த வேலையைத்தான். நம் மாணவியரும் பெற்றோரும் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் தெரிந்திருக்கவேண்டும்.

அளவு என்றால் என்ன?

ஒரு படத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, அதில் எத்தனை பிக்சல்கள், அதாவது எத்தனை சின்னஞ்சிறு சதுரங்கள் உள்ளன என்பது. மற்றது, அந்தச் சதுரங்களைக் கோப்பாகச் சுருக்கி வைக்க எத்தனை கிலோபைட் பிடிக்கிறது என்பது. A4 தாளை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஸ்கேன் செய்தால், 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் கொண்ட படம் கிடைக்கும். அதே தாளை 200 புள்ளிக் கணக்கில் எடுத்தால் 1654 அகலம், 2339 உயரம். புள்ளிக் கணக்கு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆனால் மொத்தப் பிக்சல்கள் பாதிக்கும் கீழே வந்துவிடுகின்றன. கோப்பும் ஏறத்தாழ அதே விகிதத்தில் சிறுக்கும்.

அப்படியானால் எவ்வளவு தூரம் குறைக்கலாம்? தமிழ்ச் சான்றிதழுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மெய்யெழுத்தின் புள்ளி. சாதாரண அச்சில் அந்தப் புள்ளி ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர் அகலம் இருக்கும். 300 கணக்கில் அதற்கு நான்கைந்து பிக்சல் கிடைக்கிறது. 200 கணக்கில் மூன்று. 100 கணக்கில் ஒன்றரைதான். ஒன்றரைப் பிக்சலில் புள்ளி சாம்பல் நிறக் கறையாகிவிடும், கோப்பைச் சுருக்கும்போது அந்தக் கறையும் போய்விடும். ‘பாத்திமா’ என்ற பெயரில் ‘த்’ மேலுள்ள புள்ளி போனால் அது ‘பாததிமா’ ஆகிவிடுகிறது. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பார்ப்பவருக்கு அது வேறு பெயர். ஆகவே A4 சான்றிதழை 200க்குக் கீழே இறக்காமலிருப்பது நல்லது. எழுத்து மிகச் சிறிதாக இருந்தால் இன்னும் கூடுதலாக வைத்திருக்கவேண்டும்.

ஒரு சான்றிதழை எடுத்துச் செய்து பார்ப்போம்

அண்மையில் ஒரு மாணவி கொண்டுவந்த பெறுபேற்றுச் சான்றிதழ் 300 கணக்கில், வர்ணத்தில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தது. கோப்பு 1.8 மெகாபைட். படிவம் அனுமதித்தது 500 கிலோபைட். தாள் பழையது என்பதால் பின்னணி மஞ்சளோடியிருந்தது, எழுத்தும் மங்கலாகத் தெரிந்தது. இலவசமாகக் கிடைக்கும் GIMP என்ற மென்பொருளில் இதைச் செய்தோம்.

முதலில் மூலக் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்தோம். JPEG கோப்பை ஒவ்வொரு முறை திறந்து மாற்றிச் சேமிக்கும்போதும் கொஞ்சம் விபரம் இழக்கப்படும். அளவு சரிவராமல் திரும்பச் செய்ய நேர்ந்தால், சுருக்கிய படத்தை மேலும் சுருக்காமல் மூலத்திலிருந்தே தொடங்கவேண்டும்.

அடுத்து, தாளுக்கு வெளியே தெரிந்த ஸ்கேனர் மூடியின் ஓரத்தை வெட்டினோம். தாளின் நான்கு விளிம்புகளும் படத்துக்குள்ளேயே இருந்தன. விளிம்போடு சேர்த்து இறுக்கி வெட்டினால் ஓரத்திலுள்ள தொடர் இலக்கமோ முத்திரையின் பாதியோ போய்விடலாம்.

பிறகு Colors என்ற பட்டியலில் உள்ள Levels. அங்கே மலைபோல ஒரு வரைபடமும் அதன் கீழே மூன்று சிறு முக்கோணங்களும் தெரியும். வலப்பக்க முக்கோணத்தை இடப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் மங்கிய தாள் வெளுக்கும். இடப்பக்க முக்கோணத்தை வலப்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினால் எழுத்து கறுக்கும். இது முழுப் படத்துக்கும் ஒரே விதியாகச் செய்யப்படும் மாற்றம். ஓர் எழுத்தைத் தனியாகத் தேர்ந்து கறுப்பாக்குவதில்லை. எங்கே நிறுத்துவது என்பதற்கு அடையாளம் முத்திரையும் கையொப்பமும்தான். ஊதா முத்திரையின் மெல்லிய கோடுகளும், தாளிலுள்ள பின்னணிக் கோலமும் மறையத் தொடங்கினால் கூடிவிட்டது என்று பொருள், பின்னே வரவேண்டும்.

அதன் பின் Image பட்டியலில் Scale Image மூலம் அகலத்தை 1654 ஆக்கினோம். அருகிலுள்ள சங்கிலி அடையாளம் பூட்டியிருந்தால் உயரம் தானாகவே அதற்கேற்ப மாறும். பிக்சல்கள் ஒன்பதில் நான்கு பங்காகக் குறைந்ததால் கோப்பு ஏறத்தாழ 800 கிலோபைட்டுக்கு வந்திருக்கும். கடைசியாக File பட்டியலில் Export As கொடுத்து JPEG ஆகச் சேமிக்கும்போது Quality என்ற அளவை 90இலிருந்து மெல்லமெல்ல இறக்கினோம். Show preview என்பதைத் தெரிவுசெய்தால், சேமிக்கு முன்பே கோப்பு எத்தனை கிலோபைட் வரும் என்பதைக் காட்டும். 70 அளவில் 430 வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இந்த அளவை 30, 40க்கு இறக்கினால் எழுத்துக்களைச் சுற்றி அழுக்குப் போன்ற சதுரங்கள் தோன்றும். JPEG முறை படத்தை எட்டுக்கெட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால் வரும் விளைவு அது. அந்த நிலைக்குப் போகத் தேவை ஏற்பட்டால், பின்னணி வர்ணம் முக்கியமில்லாத தாள்களைச் சாம்பல் நிறப் படமாக மாற்றிப் பார்க்கலாம். முழுக் கறுப்பு வெள்ளையாக மட்டும் மாற்றாதீர்கள். அங்கே ஒவ்வொரு பிக்சலும் கறுப்பு அல்லது வெள்ளை என்று தீர்ப்பாகிவிடும், மங்கிய கையொப்பம் வெள்ளைப் பக்கம் போய்விடும்.

இயந்திரம் தானாக மாற்றிவிடும்போது

நாம் எதையும் திருத்தாவிட்டாலும் உள்ளடக்கம் மாறலாம். 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜேர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசெல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். ஒரு கட்டட வரைபடத்தை சீரொக்ஸ் வேர்க்சென்டர் இயந்திரத்தில் பிரதி எடுத்தபோது, வெவ்வேறு பரப்பளவு கொண்ட மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீற்றர் என்றே வந்திருந்தது. மூலத்தில் மற்ற இரண்டு அறைகளின் பரப்பு 21.11, 17.42. பிரதியில் எழுத்து மங்கவில்லை, கிழியவில்லை. தெளிவாக, ஆனால் தவறாக இருந்தது.

காரணம் JBIG2 என்ற சுருக்கும் முறை. அது தாளிலுள்ள எழுத்துருவங்களை ஒப்பிட்டு, ஒன்றுபோலத் தெரிபவற்றுக்கு ஒரே படத்தைச் சேமித்து எல்லா இடத்திலும் ஒட்டிவிடும். 6உம் 8உம் ஒன்றுபோல அதற்குத் தெரிந்தால், 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்காரும். பின்னர் அந்த நிறுவனம் மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. மங்கலான இலக்கத்தைப் பார்த்தால் நமக்குச் சந்தேகம் வரும். தெளிவான பிழை இலக்கத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. அதனால்தான் இது ஆபத்தானது.

நம் கைத்தொலைபேசியில் இதற்குச் சற்றே உறவானது, ஸ்கேன் செயலிகளில் உள்ள ‘கறை நீக்கும்’ வசதி. தாளில் தனித்து நிற்கும் சிறு கறுப்புப் பொட்டுக்களை அது தூசி என்று எண்ணித் துடைக்கும். ஆங்கிலத் தாளில் அதனால் முற்றுப்புள்ளி போகும். தமிழ்த் தாளில் மெய்யெழுத்தே போய்விடும். அந்த வசதியை நிறுத்திவைத்துவிட்டு, மூல நிறம் என்ற தெரிவில் எடுத்து, பின்னர் மேலே சொன்ன Levels முறையால் சரிசெய்யுங்கள். எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் சாதாரணப் படமாக அன்றி ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும்.

முகப் படம்

கடவுச்சீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற ஸ்ரூடியோவே படத்தை எடுத்துத் திணைக்களத்துக்கு அனுப்புகிறது. மற்ற விண்ணப்பங்களுக்கு நாமே பதிவேற்றவேண்டி வரும். இந்தியாவில் வங்கித் தேர்வு நடத்தும் நிறுவனம் கேட்பது போல, 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கிலோபைட் என்று விதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையிலிருப்பது 35க்கு 45 மில்லிமீற்றர் படம். 300 கணக்கில் அது 413க்கு 531 பிக்சல். அகலத்தை 200 ஆக்கினால் உயரம் 257 வரும். 27 பிக்சல் கூடுதல். சங்கிலி அடையாளத்தைத் திறந்து உயரத்தை 230க்கு நசுக்கினால் முகம் அகன்றுவிடும். படம் விதிக்கு அமையும், ஆனால் ஆள் வேறொருவர் போலத் தெரிவார். அந்த 27 பிக்சலையும் தோளுக்குக் கீழிருந்து வெட்டிவிடுவதே சரி. கோப்பு 20 கிலோபைட்டுக்குக் கீழே போனால் படத்தைப் பெரிதாக்காமல் Quality அளவை மட்டும் உயர்த்துங்கள்.

ஹிஜாப் அணிந்து எடுக்கும் படத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கமரா படத்தின் சராசரி வெளிச்சத்தைப் பார்த்தே அளவை முடிவு செய்கிறது. வெள்ளை ஹிஜாப், வெள்ளைச் சுவர் என்றால் முகம் இருண்டுவிடும். கறுப்பு ஹிஜாப் படத்தின் பெரும் பகுதியை நிரப்பினால் முகம் வெளிறிவிடும். இருண்ட முகத்தை Levels நடுமுக்கோணத்தால் ஓரளவு மீட்கலாம். முழுக்க வெளிறிய கன்னத்தில் விபரமே பதிவாகவில்லை, எதைச் செய்தும் வராது. எனவே எடுக்கும்போதே திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தை அமைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளை ஹிஜாபின் ஓரம் கரைந்துபோகும், அதற்குச் சற்று அடர்ந்த நிறம் உதவும். நாடியிலிருந்து நெற்றிவரையும் முகத்தின் இரு ஓரங்களும் தெரியவேண்டும், துணியின் நிழல் முகத்தில் விழக்கூடாது. தோலை மினுக்கும் அழகு வசதியை நிறுத்திவிடுங்கள். அது மச்சத்தையும் தழும்பையும் துடைத்துவிடும், அவைதான் ஆளை அடையாளம் காட்டுபவை.

அனுப்பு முன்

சில தாய்மார் என்னிடம் கேட்பதுண்டு: “பிள்ளை, இதில ஒரு எழுத்துத்தான் பிழை. கொம்பியூட்டரில மாத்தி விடுங்கோவன்.” பிழை தாளிலேயே இருந்தால் அது படத்தில் செய்யும் வேலை அல்ல. பிறப்புச் சான்றிதழில் எழுத்துப் பிழைக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் கிளையில் விண்ணப்பிக்கவேண்டும். உரும்பிராய்க்காரருக்கு அது கோப்பாயிலுள்ள வலிகாமம் கிழக்குப் பிரதேச செயலகம். படத்தில் திருத்தினால், மூலத்தைக் காட்டச் சொல்லும் நாளில் இரண்டும் பொருந்தாது. அப்போது பிழை எழுத்தில் இல்லை, பிள்ளையின் பெயரில் ஏறிவிடும்.

படத்தைச் சரிசெய்து முடித்ததும் மூலத் தாளைப் பக்கத்தில் வைத்து, திரையில் முழு அளவுக்குப் பெருப்பித்து ஒப்பிடுங்கள். பெயரை எழுத்தெழுத்தாக, புள்ளி புள்ளியாக வாசியுங்கள். சுட்டெண்ணையும் திகதியையும் ஒருவர் தாளைப் பார்த்து உரக்க வாசிக்க மற்றவர் திரையைப் பார்த்துச் சரிபாருங்கள். தனியே பார்த்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே வாசிக்கும். முத்திரையின் வட்டம் முழுமையாக இருக்கிறதா, கையொப்பத்தின் மெல்லிய வால் தெரிகிறதா என்று பாருங்கள். பதிவேற்றிய பின், இயலுமானால் அந்தத் தளத்திலிருந்தே படத்தைத் திறந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பையும் அனுப்பிய கோப்பையும் வெவ்வேறு பெயரில் வைத்திருந்தால், இன்னொரு விண்ணப்பம் வேறு அளவு கேட்கும்போது மறுபடியும் மூலத்திலிருந்தே தொடங்கலாம்.