வளரும் குழந்தையின் குதிகால் வலி: எவ்வளவு விளையாடலாம்?

மாலையில் விளையாடி முடித்து வீடு திரும்பும் குழந்தை குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நுனிக்காலில் நடக்கிறதா? காயம் இல்லை, வீக்கம் இல்லை, காலையில் எழும்போது பெரும்பாலும் வலியும் இல்லை. ஆனால் ஓடினால் மட்டும் குதிகால் வலிக்கிறது என்கிறதா? 8 முதல் 14 வயது வரை உள்ள, நன்றாக ஓடியாடும் குழந்தைகளிடம் இவ்வலி மிகுதியாகக் காணப்படுகிறது. பள்ளி திறந்து குறுவட்டப் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்கும் மாதங்களில், ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிப் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஒன்றே: விளையாட்டை நிறுத்திவிட வேண்டுமா?

இவ்வலியை 1912ஆம் ஆண்டில் விவரித்து எழுதிய அமெரிக்க மருத்துவர் சீவரின் பெயரால் இது ‘சீவர் நோய்’ எனப்படுகிறது. பெயரில் நோய் இருப்பினும், இது தொற்றோ எலும்புச் சிதைவோ அன்று. வளர்ச்சிப் பருவத்தில் ஏற்படும் இழுவிசைத் தொல்லையே ஆகும்.

வலி எங்கிருந்து வருகிறது?

குழந்தையின் குதிகால் எலும்பு ஒரே துண்டாக இருப்பதில்லை. அதன் பின்புறத்தில் ஒரு சிறிய எலும்புப் பகுதி தனியாக வளர்கிறது. அதனையும் முதன்மை எலும்பையும் மென்மையான வளர்ச்சிக் குருத்தெலும்பு இணைக்கிறது. கெண்டைக்கால் தசையின் தடித்த நாண் அந்தச் சிறிய பகுதியில்தான் வந்து சேர்கிறது. உள்ளங்காலின் இறுகிய பட்டையும் அதனைக் கீழிருந்து இழுக்கிறது. ஒவ்வொரு ஓட்டத்திலும் தாவலிலும் அந்த இடம் மேலும் கீழும் இழுபடுகிறது. தரையில் மோதும் அதிர்ச்சியையும் அதுவே தாங்குகிறது.

உயரம் விரைந்து கூடும் மாதங்களில் எலும்பின் வளர்ச்சிக்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. ஆகவே கெண்டைக்கால் தசை இறுகி, நாணின் இழுவிசை கூடுகிறது. அதே வேளையில் பயிற்சி நேரமும் திடீரெனக் கூடினால் குருத்தெலும்புப் பகுதி புண்பட்டு வலிக்கிறது. சிமென்ட் தரை, கோடையில் இறுகிய செம்மண் திடல், குதிகால் உயரமற்ற தட்டையான காலணி, வெறுங்கால் ஓட்டம் ஆகியவை வலியை மிகுதிப்படுத்துகின்றன. பொதுவாக 15 வயதையொட்டி இரு பகுதிகளும் ஒன்றாக இணைந்துவிடுகின்றன. அதன்பின் இவ்வலி வருவதில்லை. நிலையான ஊனத்தையும் விட்டுச் செல்வதில்லை.

எவ்வாறு அறிவது?

குதிகாலின் பின்பகுதியை இருபுறமும் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து மெல்ல அழுத்தினால் குழந்தை வலியால் காலை இழுத்துக்கொள்ளும். நுனிக்காலில் நிற்கச் சொன்னாலும் வலிக்கலாம். இவ்வறிகுறிகளே போதுமானவை. எக்ஸ்ரே எல்லோருக்கும் தேவையில்லை. வலியே இல்லாத குழந்தைகளின் எக்ஸ்ரேயிலும் அந்தப் பின்பகுதி துண்டுபட்டும் அடர்ந்தும் காணப்படுவது இயல்பு. அதனைப் பார்த்து எலும்பு உடைந்துவிட்டதாக அஞ்சவேண்டியதில்லை.

விளையாட்டின் அளவை வலியே சொல்லும்

இத்தொல்லையில் முழு ஓய்வு கட்டாயமன்று. வலியை அடக்கிக்கொண்டு ஆடுவதும் சரியன்று. ஒவ்வொரு விளையாட்டு நாளிலும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஆடும்போது குழந்தை நொண்டியதா? 10க்கு எத்தனை என்று கேட்டால் வலி 3க்கு மேல் இருந்ததா? மறுநாள் காலையில் முதல் சில அடிகளில் வலி எஞ்சியிருந்ததா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பதே விடையானால் அந்த அளவு பாதுகாப்பானது. காலையில் வலி எஞ்சியிருந்தால் முந்தைய நாளின் அளவு மிகை. அடுத்த முறை நேரத்தைப் பாதியாக்க வேண்டும். நொண்டல் தோன்றினால் அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்த வேண்டும்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் 11 வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பள்ளியில் ஐந்து நாட்களும் ஒரு மணிநேரக் கபடிப் பயிற்சி. சனி, ஞாயிறுகளில் குடியிருப்பின் சிமென்ட் தளத்தில் இரண்டிரண்டு மணிநேரக் கிரிக்கெட். வாரத்திற்கு 9 மணிநேரம். ஓய்வு நாள் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் வாரத்தில் அவன் நொண்டத் தொடங்குகிறான்.

முதலில், நொண்டாமல் நடக்கும் வரை ஓட்டமும் தாவலும் கூடா. இதற்குச் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். நீச்சல், மிதிவண்டி ஆகியவை வலி தராவிடில் தொடரலாம். அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் மூன்று நாட்கள், 30 நிமிடம் மட்டும் மண் திடலில் ஆடலாம். மூன்று கேள்விகளுக்கும் ‘இல்லை’ என்று ஒரு வாரம் கழிந்தால் 40 நிமிடம், அடுத்த வாரம் 50, பின்னர் 60. அதன் பிறகே நான்காவது நாளைச் சேர்க்க வேண்டும். நேரத்தையும் நாட்களையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. வலி திரும்பினால் முந்தைய வாரத்தின் அளவிற்கு இறங்கினால் போதும். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. மீண்டும் முழுப் பயிற்சிக்கு வந்த பின்னரும் வாரத்தில் ஓரிரு நாட்கள் ஓய்வு இருக்கட்டும். பயிற்சி ஆசிரியரிடம் இந்த அட்டவணையைக் கொடுத்துவிடுவது நல்லது. குழந்தையே ‘எனக்கு வலிக்கிறது’ என்று அணியினர் முன் சொல்லத் தயங்கும்.

வீட்டில் செய்யத்தக்கவை

மென்மையான குதிகால் மெத்தையை இரு காலணிகளிலும் வைக்க வேண்டும். வலி ஒரு காலில் மட்டும் இருந்தாலும் இரண்டிலும் வைத்தால்தான் கால்களின் உயரம் ஒத்திருக்கும். ஆட்டம் முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் ஒத்தடமாக வைக்கலாம். வலி தணிந்தபின், சுவரைப் பிடித்து, பின்காலின் குதிகால் தரையில் பதிய, முழங்கால் நீட்டிக் கெண்டைக்காலை 30 விநாடி நீட்டலாம். இதனை மும்முறை, காலையும் மாலையும் செய்யலாம்.

வலி மாத்திரை கொடுத்து ஆட்டத்திற்கு அனுப்பக் கூடாது. நிறுத்த வேண்டிய இடத்தைக் காட்டும் வலியை மாத்திரை மறைத்துவிடும். எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவுவதும் புண்பட்ட இடத்தை மேலும் நோகச் செய்யும். குதிகாலில் ஸ்டீராய்டு ஊசிக்கு இத்தொல்லையில் இடமில்லை.

உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

இரவில் உறக்கத்தைக் கலைக்கும் வலி, ஓய்விலும் குறையாத வலி, காய்ச்சல், வீக்கம், சிவப்பு, காலையில் நெடுநேரம் நீடிக்கும் விறைப்பு, உயரத்திலிருந்து குதித்த பின் காலை ஊன்றவே முடியாமை ஆகியவை சீவர் நோயின் இயல்புகள் அல்ல. எலும்புத் தொற்று, மூட்டழற்சி, எலும்பு முறிவு, அரிதாகக் கட்டி ஆகியவற்றை விலக்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரேயும் குருதிப் பரிசோதனையும் அப்போதுதான் தேவைப்படுகின்றன. இவ்வறிகுறிகள் இல்லாவிடினும், ஆட்டத்தைக் குறைத்தும் நான்கு முதல் ஆறு வாரங்களில் வலி தணியவில்லை என்றால் குழந்தையை எலும்பியல் புறநோயாளர் பிரிவிற்கு அழைத்து வாருங்கள். அப்போது குழந்தை வழக்கமாக அணிந்து விளையாடும் காலணியையும், கடந்த இரு வாரங்களில் ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் விளையாடியது என்ற குறிப்பையும் உடன் கொண்டு வாருங்கள்.