கோபப்பட்டாலும் அதே முகம்தான்

ஒரு கார்ட்டூன் சிறுமி சிரிக்கும்போது ஒருத்தியாகவும், கோபப்படும்போது அவளுடைய அக்காவாகவும் தெரிந்தால், வரைந்தவர் எலும்பை நகர்த்திவிட்டார் என்று பொருள். அனிமேஷன் கூடங்களில் ஒரே பாத்திரத்தின் பல உணர்ச்சிகளை ஒரே தாளில் வரைந்து வைப்பது இதைத் தவிர்க்கத்தான்.

முதலில் உணர்ச்சியே இல்லாத முகத்தை வரையுங்கள். மண்டையின் வட்டம், கண்களுக்கு இடையே உள்ள தூரம், மூக்கு, காது, முடி தொடங்கும் கோடு ஆகியவை நேர்முகத்தில் நகரக் கூடாது. இந்த அடிப்படையை நகலெடுத்து, மற்ற முகங்களை அதன்மேல் வரைய வேண்டும்.

மகிழ்ச்சியில் கன்னம் உயர்ந்து கீழ் இமையை மேலே தள்ளும். வாயை மட்டும் வளைத்தால் சிரிப்பு பொய்யாகத் தெரியும். கோபத்தில் புருவங்கள் இறங்கி நெருங்கும். பலர் கூடவே கண்களையும் நெருக்கிவிடுகிறார்கள், அங்கேதான் ஆள் மாறுகிறாள். ஆச்சரியத்தில் தாடை இறங்குவதால் முகம் நீள்வது சரியே. அசையும் எலும்பு அது ஒன்றுதான்.

வெட்கம்தான் கடினம். தலை குனிவதால் கண்கோடு கீழ்நோக்கி வளையும், உச்சந்தலை அதிகம் தெரியும், காது கண்ணைவிட உயரத்தில் நிற்கும். இதற்கு மட்டும் குனிந்த தலை ஒன்றைத் தனி அடிப்படையாக வரைந்துகொள்ளுங்கள்.

கடைசியில் நேர்முகங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணின் உள்மூலைகள் பொருந்தாத முகத்தை அழித்துத் திரும்ப வரையுங்கள்.