தரையை மீண்டும் நம்பிய இடது கால்

2015 ஆகஸ்ட் 8. நாட்டிங்ஹாம் டிரென்ட் பிரிட்ஜ் மைதானம். ஆஸ்திரேலியாவின் கடைசி விக்கெட்டாக நேதன் லயனின் ஸ்டம்பு சாய்ந்ததும் ஆஷஸ் கோப்பை இங்கிலாந்தின் கைக்கு வந்தது. பந்து வீசியவர் மார்க் வுட். ஆஷிங்டன் என்ற வடக்கு இங்கிலாந்து ஊர்க்காரர். வயது 25. டெஸ்டில் அறிமுகமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் இடது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த வசந்தத்தில் அதே கணுக்காலில் இரண்டாவது. 2016 ஆகஸ்டில் பாகிஸ்தானுக்கு எதிரான ஒருநாள் போட்டிகளில் திரும்பி வந்து வேகமாகவே வீசினார். ஆனால் கணுக்கால் மறுபடியும் மக்கர் செய்தது. வங்கதேசப் பயணத்தைக் கைவிட்டுவிட்டு மூன்றாவது முறையாகக் கத்திக்குப் போனார். ஒரே ஆண்டுக்குள் ஒரே மூட்டில் மூன்று முறை.

வலதுகைப் பந்துவீச்சாளருக்கு ஏன் இடது கணுக்கால்? வேகமாக ஓடிவந்து கிரீஸில் குதிக்கும்போது கடைசியாகத் தரையில் அறைவது இடது கால்தான். அந்த ஒரு நொடியில் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட விசையை அது தாங்குகிறது. ஓடிவந்த வேகம் முழுவதையும் கால் சட்டென்று தடுத்தால்தான் மேலுடல் முன்னால் சாய்ந்து கை சாட்டையாகச் சுழலும். அதாவது முன்னங்கால் பிரேக். பிரேக்கை முழுசாக நம்பாதவர் வண்டியை வேகமாக ஓட்ட மாட்டார்.

வுட்டின் ஓட்டம் அப்போது மிகவும் குட்டை. சில அடிகளே ஓடி, மிச்ச வேகத்தை எல்லாம் உடம்பை முறுக்கி வீசி எடுப்பார். வீசி முடித்துத் தடுமாறி விழுவதும் உண்டு. கணுக்காலுக்கு அது பெரிய சுமை.

தையல் பிரித்து, வீக்கம் வடிந்து, ஸ்கேனில் எல்லாம் சரி என்று மருத்துவர் சொன்ன பிறகும் பந்துவீச்சாளரின் உடம்பு கேட்பதில்லை. மூளை அந்தக் காலைக் காப்பாற்றப் பார்க்கிறது. வீசுபவருக்கே அது தெரியாது. ஆனால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடலாம். ஓவர் முடிந்ததும் கிரீஸில் ஷூ ஆணி பதிந்த தடத்தைப் பாருங்கள். பழைய நாட்களில் கோட்டின் மேல் ஆழமாக விழுந்த தடம் இப்போது ஒரு அடி பின்னால், மேலோட்டமாக விழுந்திருக்கும். பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தால் முன்னங்கால் முட்டி கூடுதலாக மடங்குவது தெரியும். கடைசி இரண்டு எட்டு குறுகும். பந்து மெதுவாகி உயரமாகப் போகும். ‘ஃபார்ம் இல்லை’ என்று பலர் சொல்வது உண்மையில் இந்தப் பயம்தான்.

இதை ‘தைரியமாகப் போடு’ என்று சொல்லி விரட்ட முடியாது. கால் படிப்படியாகத் தானே நம்பினால்தான் உண்டு. அந்தப் படிகள் எளிமையானவை, ஆனால் சலிப்பூட்டுபவை.

முதல் படி சுவர். பாதத்தைச் சுவருக்கு நேராக வைத்து, குதிகால் தரையைவிட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளக்க வேண்டும். நல்ல காலில் 10 சென்டிமீட்டர், அறுவைக் காலில் 6 என்றால் மூட்டு இன்னும் இறுகியே இருக்கிறது. அந்தக் காலோடு முழு வேகத்தில் வீசினால் குறைந்த வளைவுக்கான விலையை முட்டியோ முதுகோ கொடுக்கும்.

இரண்டாவது படி கெண்டைக்கால். ஒற்றைக்காலில் நின்று குதிகாலை மேலே தூக்கி மெதுவாக இறக்க வேண்டும். நல்ல கால் 25 முறை செய்யும்போது அடிபட்ட கால் 14-இல் நடுங்கினால், ஓடுவதற்கு நேரம் வரவில்லை. இரண்டு காலும் ஏறக்குறைய சமமானதும் ஒற்றைக்கால் தாவல், தாவி இறங்கி அசையாமல் நிற்பது, நேர் ஓட்டம், பிறகு திரும்பி ஓடுதல் என்று வளரும்.

மூன்றாவது படிதான் பந்து. நின்ற இடத்திலிருந்து, பிறகு நடந்து வந்து, பிறகு பாதி ஓட்டத்தில், கடைசியில் முழு ஓட்டத்தில். முதலில் வாரம் மூன்று நாள், நாளுக்கு 12 பந்து போதும். இங்கே தீர்ப்பு சொல்வது வீசிய நாள் அல்ல, மறுநாள் காலை. கட்டிலைவிட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது கணுக்கால் நேற்றைப் போலவே இருந்தால் அடுத்த படி. வீங்கியிருந்தாலோ விறைத்திருந்தாலோ ஒரு படி கீழே இறங்க வேண்டும். இப்படி இறங்குவதைப் பலர் தோல்வியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஆபத்து எதில் வருகிறது தெரியுமா? நன்றாகப் போட்ட ஒரு நாளின் உற்சாகத்தில் 24 பந்தை 60 ஆக்குவதில்தான்.

வுட்டுக்கும் ஏற்றம் நேர்கோடாக அமையவில்லை. 2017-இல் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக டெஸ்ட் அணிக்குத் திரும்பினார். இரண்டு டெஸ்டில் ஒரே விக்கெட். அதன் மேல் குதிகால் வலி வேறு. மனப் பதற்றத்தோடு போராடியதை அவரே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 

திருப்பம் மனவலிமையில் மட்டும் வரவில்லை. தன் ஓட்டத்தையே அவர் மாற்றினார். குட்டை ஓட்டத்தை விட்டு நீண்ட தூரத்திலிருந்து ஓடி வரத் தொடங்கினார். இந்த யோசனைக்குப் பின்னால் மேற்கிந்திய மேதை மைக்கேல் ஹோல்டிங்கின் பேச்சும் இங்கிலாந்து வாரியப் பயிற்சியாளர் கெவின் ஷைனின் உழைப்பும் உண்டு. வேகத்தின் பெரும்பகுதி ஓட்டத்திலிருந்தே கிடைக்கும்போது, கடைசி நொடியில் உடம்பை முறுக்கிப் பிழிய வேண்டியதில்லை. பாதம் சீராகத் தாளம் பிடித்துக் கிரீஸுக்கு வரும். காலுக்கு நம்புவதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

2019 பிப்ரவரியில் செயின்ட் லூசியா. ஆலி ஸ்டோனுக்கு முதுகில் காயம் என்பதால் மாற்றாள் என்ற பெயரில் பயணத்துக்கு வந்தவர் வுட். அதுவரை டெஸ்டில் ஒரு விக்கெட்டுக்கு 40 ரன்னுக்கு மேல் கொடுத்தவர். இரண்டாம் நாள் பந்தை வாங்கினார். அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் ஷாய் ஹோப்பும் டேரன் பிராவோவும் போனார்கள். வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டியது. 8.2 ஓவரில் 41 ரன் கொடுத்து ஐந்து விக்கெட். டெஸ்டில் அவருக்கு முதல் ஐந்து. இங்கிலாந்து அந்த டெஸ்டை 232 ரன்னில் வென்றது. அதே ஆண்டு உலகக் கோப்பையில் 18 விக்கெட் எடுத்து, கோப்பை வென்ற அணியில் ஒருவராக நின்றார்.

முதல் அறுவையிலிருந்து அந்தப் பகல் வரை மூன்று ஆண்டுக்கும் மேல் ஆகியிருக்கிறது. அதன் பிறகும் காயங்கள் அவரை விட்டுவிடவில்லை. வேகப்பந்து என்பது ஒருமுறை குணமாகி முடிந்துவிடும் கதை அல்ல.

உங்கள் வீட்டிலோ குழுவிலோ கணுக்கால் அறுவை முடிந்த ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், ‘எப்போது திரும்பி ஆடப் போகிறாய்?’ என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். ‘சுவரில் எத்தனை சென்டிமீட்டர்? குதிகாலை எத்தனை முறை தூக்கினாய்? காலையில் முதல் அடி எப்படி இருந்தது?’ என்று கேளுங்கள். இந்த மூன்று பதிலும் சரியானால், ஆணித் தடம் தானாகவே கோட்டுக்குத் திரும்பி வரும்.