மும்பையா, டில்லியா: எது பெரிய நகரம்?

மும்பையில் வாழும் தமிழர் ஒருவரும் டில்லியில் வாழும் தமிழர் ஒருவரும் விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும் வழியில் சந்தித்துக்கொண்டால், எந்த நகரம் பெரியது என்ற பேச்சு எழாமல் இராது. மும்பைக்காரர் தம் நகரில் 1 கோடியே 84 லட்சம் மக்கள் வாழ்வதாகச் சொல்வார். டில்லிக்காரர் தம் நகரத்தின் தொகை 2 கோடியே 85 லட்சம் என்பார். அருகிலிருக்கும் மூன்றாமவர், மும்பையின் தொகை 1 கோடியே 24 லட்சந்தான் என்று தாம் புத்தகத்தில் படித்ததைச் சொல்லி இருவரையும் மறுப்பார். வியப்பு என்னவெனில், மூவர் கூறுவதும் அச்சில் உள்ள எண்களே. மூவரும் நகரம் என்று சொன்னாலும், அச்சொல்லால் அவர்கள் குறிப்பது ஒரே நிலப்பரப்பை அன்று.

முதலில் மும்பையை எடுத்துக்கொள்வோம். புறநகர் ரயிலில் வடகிழக்கு நோக்கிச் சென்றால் முலுந்து நிலையத்தோடு மாநகராட்சியின் எல்லை முடிந்துவிடுகிறது. அடுத்த நிலையமாகிய தாணே வேறொரு மாநகராட்சியைச் சேர்ந்தது. மேற்குப் பாதையில் தஹிசர் எல்லை; அதற்கு அப்பால் மீரா ரோடு. இந்த எல்லை 1957-இல் வகுக்கப்பட்டது. அதற்குள் குடியிருந்தோர் 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,24,42,373 பேர். வரி வாங்குவதும், குழாயில் தண்ணீர் விடுவதும், குப்பை அள்ளுவதும் இந்த எல்லைக்குள்தான். மாநகராட்சியின் வரவு செலவைப் பற்றிப் பேசுவோர்க்கு இந்த எண்ணே உரியது.

ஆனால், டோம்பிவிலியில் குடியிருந்து நாள்தோறும் ரயிலேறி மும்பைக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் எத்தனையோ பேர்! ஊரிலிருந்து கடிதம் வந்தால் இவர்களை மும்பையில் இருப்பவர்கள் என்றே எழுதுவார்கள். மாநகராட்சிக் கணக்கிலோ இவர்களில் ஒருவரும் இல்லை. இக்குறையை நீக்கவே கணக்கெடுப்புத் துறையினர் நகரத் திரள் என்றொரு வகையை வைத்திருக்கிறார்கள். ஒரு நகரமும் அதனை இடைவெளியின்றி ஒட்டி வளர்ந்த பிற நகரங்களும், எல்லைக்கு வெளியே அமைந்துவிட்ட ரயில்வே குடியிருப்பு, பல்கலைக்கழக வளாகம் போன்ற ஒட்டுப் பகுதிகளும் சேர்ந்தது ஒரு திரள். ஆட்சி யாருடையது என்பது இங்கே கேள்வியன்று; கட்டடங்கள் தொடர்ச்சியாக நிற்கின்றனவா என்பதே கேள்வி.

2011-இல் மும்பைத் திரளில் மாநகராட்சியோடு ஏழு ஊர்கள் சேர்க்கப்பட்டன. தாணே 18.4 லட்சம், கல்யாண்–டோம்பிவிலி 12.5 லட்சம், நவி மும்பை 11.2 லட்சம், மீரா–பயந்தர் 8.1 லட்சம், உல்லாஸ்நகர் 5.1 லட்சம், அம்பர்நாத் 2.5 லட்சம், பத்லாபூர் 1.7 லட்சம். இவ்வேழும் ஏறத்தாழ 59.5 லட்சம். மாநகராட்சியின் தொகையோடு கூட்டினால் 1 கோடியே 84 லட்சம் வருகிறது. மும்பைக்காரர் சொன்ன எண் இதுவே.

இதற்கும் அப்பால் மூன்றாவது வட்டம் ஒன்று உண்டு. அது பெருநகர மண்டலம். இது கணக்கெடுப்போர் வகுத்ததன்று. சாலை, ரயில், நிலப் பயன்பாடு ஆகியவற்றைத் திட்டமிடுவதற்காக அரசு ஆணையால் வரைந்த எல்லை. மும்பை மண்டலத்தில் திரளுக்குள் வராத வசாய்–விரார், பிவண்டி போன்ற நகரங்களும் உண்டு. நெல் வயல்களும் மலையடிவாரச் சிற்றூர்களும் உண்டு. ஆணை மாறினால் எல்லையும் மாறும். அவ்வாறே 2019-இல் அது சுமார் 6,300 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அன்று ஒரு குழந்தைகூடப் பிறக்காமலே மண்டலத்தின் மக்கள் தொகை பெருகிற்று! ஆகவே மண்டலத்தின் தொகையைச் சொல்வோர் எந்த ஆண்டின் எல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இனி டில்லிக்கு வருவோம். இங்கே சிக்கல் இன்னும் அதிகம். கன்னாட் பிளேஸும் பாராளுமன்றக் கட்டடமும் டில்லி மாநகராட்சியைச் சேர்ந்தவை அல்ல. அவை புதுடில்லி நகராட்சி மன்றத்தின் எல்லைக்குள் இருப்பவை. படைவீரர் குடியிருப்பு வாரியத்தின் பகுதியும் தனி. 2011 கணக்கேட்டில் மாநகராட்சியின் பெயருக்கு நேரே 1 கோடியே 10 லட்சம் என்றுதான் காண்கிறது. நாங்லோய் ஜாட், கராவல் நகர் போன்ற இடங்கள் தனித்தனி ஊர்களாகப் பதிவாயின. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்த டில்லித் திரளின் தொகை 1 கோடியே 63 லட்சம். திரளோடு திரளை ஒப்பிட்டால் 2011-இல் மும்பையே பெரியது.

எனினும் இந்த ஒப்பீட்டில் டில்லிக்கு ஓர் அநீதி நேர்கிறது. மயூர் விகாரிலிருந்து சிறிது தூரம் சென்றாலே நொய்டா வந்துவிடுகிறது. இடையில் வெட்டவெளி எதையும் காணோம். ஆயினும் நொய்டாவும் காஜியாபாத்தும் உத்தரப் பிரதேசத்தில் இருக்கின்றன. குர்கானும் பரிதாபாத்தும் ஹரியானாவில் இருக்கின்றன. மாநில எல்லைக்கு அப்பாற்பட்ட இந்நான்கும் டில்லித் திரளில் சேர்க்கப்படவில்லை. 2011-இல் இவற்றில் மட்டும் சுமார் 53 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். இவர்களையும் சேர்த்தால் டில்லி 2 கோடியே 16 லட்சம் ஆகிவிடுகிறது. நடுநிலைக்காக மும்பையோடும் வசாய்–விராரையும் பிவண்டியையும் சேர்த்துப் பார்ப்போம். 2 கோடியே 3 லட்சந்தான் வருகிறது. வரிசை தலைகீழாக மாறிவிட்டது!

ஐக்கிய நாடுகள் சபையினர் மாநில எல்லையைப் பாராமல் அண்டை நகரங்களையும் டில்லியோடு சேர்த்தே மதிப்பிடுகிறார்கள். அவர்கள் 2018 ஆம் ஆண்டுக்குத் தந்த மதிப்பீட்டில் டில்லி 2 கோடியே 85 லட்சம். மும்பை சுமார் 2 கோடி. நம் டில்லி நண்பர் கூறியது இதுவே. அவர் எண்ணில் பிழை இல்லை. ஆனால் அது வேறோர் எல்லைக்கும் வேறோர் ஆண்டுக்கும் உரிய மதிப்பீடு. மும்பைக்காரர் சொன்னதோ 2011-இல் வீடு வீடாக எண்ணிய தொகை. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் ஆகாது.

தலைநகர வட்டாரம் என்பதோ 1985 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. ராஜஸ்தானத்து அல்வாரும் அதற்குள் அடங்கும். அதன் தொகையை டில்லி நகரத்தின் தொகை என்று எழுதுவது, கோதுமை வயலில் நிற்கும் உழவரையும் டில்லிவாசி ஆக்கிவிடுவதாகும்.

எண்களைக் கலப்பதால் வரும் தவறு நெருக்கத்தைக் கணக்கிடும்போது நன்றாகத் தெரியும். மும்பை மாநகராட்சியின் பரப்பு, கணக்கேட்டின்படி 603 சதுர கிலோமீட்டர். அதன் 1 கோடியே 24 லட்சம் மக்களை இதனால் வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 20,600 பேர். திரளின் 1 கோடியே 84 லட்சத்தை எடுத்துக்கொண்டு அதே 603-ஆல் வகுத்தாலோ 30,500 என்று வரும். தாணேவாசிகளை எண்ணிவிட்டுத் தாணேயின் நிலத்தை எண்ண மறந்ததன் விளைவு இது. இத்தகைய எண்ணைப் பத்திரிகையில் காணும்போது, மக்கள் தொகையும் பரப்பளவும் ஒரே எல்லைக்கு உரியனவா என்று பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்து வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.